ராத்திரி யார் சர்க்கரை போட்டது?



போன மாதம் எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு சின்ன வழக்கு. காலை ஆறரை மணிக்குப் பெரியப்பா விரலைக் குத்தி குளுக்கோமீட்டரில் பார்த்திருக்கிறார். 158. முந்தைய ராத்திரி சாப்பிட்டது இரண்டே இட்லி. ‘இதுவே ஜாஸ்தி போலிருக்கு’ என்று அன்று ராத்திரி வெறும் மோரைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் காலை பார்த்தால் 164!

“உண்மையைச் சொல்லுங்க. நான் தூங்கினதும் எழுந்து போய் முறுக்கு டப்பாவைத் திறந்தீங்கதானே?” என்று பெரியம்மா விசாரணையை ஆரம்பித்துவிட்டார். பெரியப்பா சத்தியம் செய்தார். டப்பாவை இறக்கி முறுக்கை எண்ணியும் பார்த்தார்கள். ஒன்றும் குறையவில்லை.

158-க்கும் 164-க்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டு மீட்டரில் அந்த அளவு ஏற்ற இறக்கம் சகஜம். ஆனால் சாப்பாட்டையே விட்ட பிறகும் ஏன் இறங்கவில்லை? சாப்பிடாத மனிதர் ரத்தத்தில் சர்க்கரை எங்கிருந்து வந்தது?

உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கும். பதில், பெரியப்பாவின் வயிற்றுக்கு வலப்பக்கம், விலா எலும்புக்குக் கீழே இருக்கிறது. சர்க்கரை போட்டது அவருடைய கல்லீரல்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். சர்க்கரை அளவு 100 என்றால், ஒரு டெசிலிட்டரில், அதாவது 100 மில்லியில், 100 மில்லிகிராம் இருக்கிறது என்று பொருள். மொத்த ரத்தத்துக்கும் கணக்குப் போட்டால் 5 கிராம். காபிக்குப் போடுகிற ஒரு சின்ன ஸ்பூன் சர்க்கரை, அவ்வளவுதான்! பெரியப்பாவின் 160-ல் இருப்பது 8 கிராம். வித்தியாசம் அரை ஸ்பூனைவிடச் சற்று அதிகம்.

இந்த ஒரு ஸ்பூன் தீர்ந்துபோகவும் கூடாது, இரண்டு மூன்றாகவும் கூடாது. ஆனால் மூளை மட்டுமே மணிக்கு 5 கிராம் அளவுக்கு எடுத்துக்கொள்கிறது. நாம் தூங்கினாலும் அது தூங்குவதில்லை. அப்படியென்றால் ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவருக்கு, பதினொன்றுக்கெல்லாம் ரத்தத்தில் இருப்பது காலியாகிவிட வேண்டும் அல்லவா?

ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் கல்லீரலின் வேலை. பகலில் சாப்பிட்டதில் ஒரு பங்கை அது கிளைக்கோஜன் என்ற மாவாகச் சேர்த்து வைத்திருக்கும். ராத்திரி அதைக் கரைத்து, கொஞ்சத்தைப் புதிதாகவே தயாரித்து, ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்குச் சுமார் 7 கிராம். எட்டு மணி நேரத் தூக்கத்தில் பதினோரு ஸ்பூனுக்கு மேல் வருகிறது. இது நோயில்லை. உங்களுக்கும் எனக்கும் தினமும் நடப்பதுதான்.

எவ்வளவு விடலாம், எப்போது நிறுத்தலாம் என்று கல்லீரலுக்கு யார் சொல்வது? இன்சுலின்தான்.

இன்சுலினை ‘செல்லின் கதவைத் திறக்கும் சாவி’ என்று நாம் கேட்டிருக்கிறோம். அதில் தப்பில்லை, ஆனால் பாதிக் கதைதான். கணையத்தில் இருக்கும் பீட்டா செல்கள் சர்க்கரை ஏறுவதை உணர்ந்ததும் இன்சுலினைச் சுரக்கின்றன. அந்த இன்சுலின் நேராக உடம்பெல்லாம் போவதில்லை. கணையத்திலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. சுரந்ததில் பாதியளவு அங்கேயே வேலை பார்த்துத் தீர்ந்துவிடும்.

அங்கே அது சொல்வது இதுதான்: “வெளியிலிருந்து சாப்பாடு வந்துவிட்டது. நீ விடுவதை நிறுத்து, வருவதைச் சேர்த்து வை.” மிச்ச இன்சுலின் தசைகளுக்குப் போய்க் கதவைத் திறக்கிறது. நாலு இட்லியில் சுமார் 40 கிராம் மாவுச்சத்து இருக்கும். அது எட்டு ஸ்பூன் சர்க்கரைக்குச் சமம். இருந்தும் ஆரோக்கியமானவருக்கு இரண்டு மணி நேரத்தில் அளவு 140-க்குக் கீழே வந்துவிடுகிறது என்றால், கல்லீரலின் குழாய் மூடியதும் தசையின் கதவு திறந்ததும் சேர்ந்துதான் காரணம்.

ராத்திரியில் சாப்பாடு வராது, சர்க்கரை மெல்ல இறங்கும், இன்சுலினும் குறையும். ஆனால் ஒருபோதும் முழுக்க நிற்காது. சொட்டுச் சொட்டாகச் சுரந்துகொண்டே இருக்கும் அந்தக் கொஞ்சம் இன்சுலின்தான், கல்லீரலின் குழாய் ஒரேயடியாகத் திறந்துவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

இப்போது பெரியப்பாவுக்கு வருவோம். அவருடைய டைப் 2 நீரிழிவில் இரண்டு கோளாறுகள். ஒன்று, கல்லீரலுக்குக் காது மந்தமாகிவிட்டது. இன்சுலின் ‘போதும்’ என்று சொன்னாலும் அது விட்டுக்கொண்டே இருக்கிறது. கல்லீரலில் கொழுப்பு சேர்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆள் ஒல்லியாக, தொப்பை மட்டும் முன்னால் வந்திருந்தால் உள்ளே அந்தக் கொழுப்பு இருக்க வாய்ப்பு உண்டு. தசைகளும் இதே போல மந்தமாகியிருக்கும்.

காது கேட்காதவரிடம் என்ன செய்வோம்? சத்தமாகப் பேசுவோம். கணையமும் அதையேதான் செய்கிறது. பல வருஷம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து சமாளிக்கிறது. அந்தக் காலம் முழுக்க லேப் ரிப்போர்ட்டில் சர்க்கரை நார்மல் என்றே வரும். நாமும் நிம்மதியாக இருப்போம். ஒரு கட்டத்தில் பீட்டா செல்கள் தளர்ந்துபோகின்றன. இது இரண்டாவது கோளாறு. பிரிட்டனில் டைப் 2 நோயாளிகளை வருஷக்கணக்கில் கவனித்த பெரிய ஆய்வு ஒன்றில், ‘உங்களுக்குச் சுகர்’ என்று டாக்டர் சொல்லும் நாளிலேயே பீட்டா செல்களின் திறனில் ஏறக்குறைய பாதி போயிருந்தது தெரிந்தது.

இதோடு விடியற்காலை வேறு சேர்ந்துகொள்கிறது. மூன்று, நாலு மணியிலிருந்தே உடம்பு எழுந்திருக்கத் தயாராகும். கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கல்லீரலிடம் ‘இன்னும் கொஞ்சம் விடு’ என்கின்றன. ஆரோக்கியமான கணையம் கொஞ்சம் கூடுதல் இன்சுலின் விட்டு அதைச் சரிக்கட்டிவிடும். தளர்ந்த கணையத்தால் முடியாது. ராத்திரி சாப்பாட்டைக் குறைத்தும் காலையில் அளவு ஏறியே நிற்பது இதனால்தான்.

வெறும் பட்டினி இதற்கு மருந்தாகாது என்பதை நூறு வருஷத்துக்கு முந்தைய கதை ஒன்று சொல்லும். கணையத்தில் இன்சுலினே சுரக்காத டைப் 1 குழந்தைகளுக்கு அன்று இருந்த ஒரே சிகிச்சை, உணவை மிகக் கடுமையாகக் குறைப்பது. எலும்பும் தோலுமாகிச் சில காலம் தள்ளுவார்கள், பிறகு இறந்துபோவார்கள். டொரான்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் அந்த நிலையில்தான் இருந்தான். 1922 ஜனவரி 11-ல் அவனுக்கு இன்சுலின் போட்டார்கள், சரியாகப் பலிக்கவில்லை. இன்னும் சுத்தப்படுத்தி 23-ம் தேதி மறுபடி போட்டபோது சர்க்கரை இறங்கியது. அவன் மேலும் 13 வருஷம் வாழ்ந்தான். அதுவரை குறைந்திருந்தது சாப்பாட்டுச் சர்க்கரை மட்டும். உள்ளே வீட்டுத் தயாரிப்பை நிறுத்தச் சொல்ல ஆளே இல்லை.

பெரியப்பாவின் டாக்டர் வழக்கை விசாரித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. “இரண்டு நாள், படுக்கும் முன், ராத்திரி மூன்று மணி, காலை எழுந்ததும் என்று மூன்று வேளை பார்த்து எழுதிட்டு வாங்க” என்றார்.

மூன்று மணிக்கு அலாரம். பெரியம்மா எழுந்து லைட்டைப் போட்டார். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கச் சொன்னார். விரலில் ஒட்டிய பழச்சாறுகூட அளவை ஏற்றிக் காட்டிவிடும். பிறகு விரல் நுனியில் அல்லாமல், வலி குறைவான பக்கவாட்டில் குத்து. எழுதிய நோட்டு இதோ: பத்து மணிக்கு 138, மூன்று மணிக்கு 134, ஆறரைக்கு 161.

படித்துப் பார்த்தால் கதை தெரிகிறதா? படுக்கும்போதே அளவு கொஞ்சம் அதிகம்தான், ஆனால் நடுராத்திரி வரை ஏறவில்லை. ஏறியது விடியற்காலையில். மூன்று மணிக்கு 70-க்குக் கீழே போயிருந்தால் கதை வேறு. அப்போது மருந்து அதிகமாகிவிட்டதா என்று டாக்டர் யோசிப்பார்.

அதனால்தான் ராத்திரி சாப்பாட்டை நாமாக நிறுத்துவது ஆபத்து. பெரியப்பா சாப்பிடுவது மெட்ஃபார்மின் மட்டும், தப்பித்தார். அது முக்கியமாகக் கல்லீரலின் தயாரிப்பைக் குறைக்கிற மாத்திரை. ஆனால் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. அதையோ இன்சுலின் ஊசியையோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு படுத்தால், தூக்கத்திலேயே சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், சிலருக்கு நினைவு தவறும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் தூங்கிக்கொண்டிருந்தால்?

டாக்டர் அளவான சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தார். மெட்ஃபார்மினை ராத்திரி சாப்பாட்டோடு சாப்பிடும்படி மாற்றினார். சாப்பிட்டதும் தெருவில் இருபது நிமிஷம் நடக்கச் சொன்னார். நடக்கும் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் தானாகவே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இடுப்பு அளவையும் குறைக்கச் சொன்னார். எடை குறைந்தால் கல்லீரலின் கொழுப்பும் குறையும், காது கொஞ்சம் கேட்க ஆரம்பிக்கும்.

இந்த மாதம் பெரியப்பாவின் காலை அளவு 130-ஐ ஒட்டி நிற்கிறது. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

முறுக்கு டப்பா பழைய இடத்திலேயே இருக்கிறது. ஆனால் காலையில் மீட்டர் சத்தம் கேட்டதும் பெரியம்மாவின் கேள்வி மட்டும் மாறிவிட்டது: “உங்க ஈரல் நேத்து ராத்திரி எத்தனை ஸ்பூன் போட்டுச்சு?”

அன்புடன்,
ஆசிரியர்