என்ஜின் நின்றாலும் விசிறி நிற்காது!

பறக்கும் ஹெலிகாப்டரில் என்ஜின் நின்றுவிட்டால் என்ன ஆகும்? கல்லைப் போல் விழுந்து நொறுங்கும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அது தவறு. என்ஜின் இல்லாமலே அதைப் பத்திரமாகத் தரை இறக்க முடியும்.

1972-ம் ஆண்டு ஜூன் 21-ந் தேதி நடந்த நிகழ்ச்சி இதற்கு நல்ல சான்று. பிரான்சு நாட்டு விமானி ஜீன் பூலே, "லாமா" என்ற ஹெலிகாப்டரில் தன்னந்தனியாக மேலே ஏறினார். 12 ஆயிரத்து 442 மீட்டர் உயரத்தைத் தொட்டு உலக சாதனை படைத்தார். எவரெஸ்ட் சிகரத்தையும் மிஞ்சிய உயரம் அது! அங்கே கடுங்குளிர். கீழே இறங்குவதற்காக அவர் என்ஜின் வேகத்தைக் குறைத்தார். உடனே என்ஜின் அணைந்துவிட்டது. அவ்வளவு உயரத்தில் இருந்தும் என்ஜின் இல்லாமலே இறங்கி, உயிரோடு தரை சேர்ந்தார். (இதே லாமா ரகம்தான் "சீட்டா" என்ற பெயரில் பெங்களூரில் தயாரிக்கப்பட்டது.)

இது எப்படி முடிந்தது?

சைக்கிளில் போகும்போது மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் சுற்றுகிறது அல்லவா? ஹெலிகாப்டரிலும் அப்படி ஓர் அமைப்பு உண்டு. என்ஜின் நின்றால், மேலே உள்ள பெரிய விசிறி அதில் இருந்து விடுபட்டுத் தானாகச் சுற்றும்.

ஆனால் விசிறியின் இறக்கைகள் சாய்ந்து இருப்பதால், காற்று அதன் வேகத்தைத் தடுக்கும். ஆகவே விமானி உடனே இடது கையில் உள்ள நெம்புகோலைக் கீழே தள்ளவேண்டும். இறக்கைகளின் சாய்வு குறையும். ஹெலிகாப்டர் இறங்கத் தொடங்கும். அப்போது காற்று கீழிருந்து மேலே பாயும். சிறுவர்கள் ஓலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் அது சுற்றுவதுபோல, அந்தக் காற்று விசிறியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். என்ஜின் செய்த வேலையை இப்போது உயரம் செய்கிறது!

தரை நெருங்கியதும் விமானி மூக்கைச் சற்று நிமிர்த்தி வேகத்தைக் குறைப்பார். பிறகு ஹெலிகாப்டரை மட்டப்படுத்தி, சில அடி உயரத்தில் நெம்புகோலை மேலே இழுப்பார். விசிறியின் சுழற்சியில் உள்ள சக்தி ஹெலிகாப்டரை ஒரு கணம் தாங்கும். அதற்குள் மெதுவாகத் தரையில் அமரவேண்டும். இந்தச் சக்தி ஒருமுறைதான் உதவும். முன்கூட்டி இழுத்துவிட்டால் விசிறி தளர்ந்துவிடும். ஹெலிகாப்டர் பொத்தென்று விழும்.

ஆபத்து எங்கே?

தொடக்கத்தில் ஓரிரு வினாடி தாமதித்தாலே போதும், சிறிய ஹெலிகாப்டர்களில் விசிறியின் வேகம் மிகவும் குறைந்துவிடும். ஓர் அளவுக்குக் கீழே போனால் அதை மீட்கவே முடியாது. அதனால்தான் விசிறியின் வேகத்தைக் காட்டும் முள்ளில் விமானியின் கண் இருக்கவேண்டும்.

இன்னொரு வேடிக்கை! அதிக உயரத்தைவிடக் குறைந்த உயரமே பயங்கரமானது. தரைக்குச் சற்று மேலே, நகராமல் அந்தரத்தில் நிற்கும்போது என்ஜின் நின்றால், விசிறியைச் சுற்றவைக்க உயரமும் இல்லை, வேகமும் இல்லை. எந்த உயரத்தில் எவ்வளவு வேகம் தேவை என்பதைக் காட்டும் படம் ஹெலிகாப்டரின் கையேட்டில் இருக்கிறது. அவசியம் இல்லாமல் அந்த ஆபத்தான இடத்தில் நிற்காமல் இருப்பதே விமானிக்கு அழகு.

பூலேயைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம் அல்ல. கையில் இருந்த உயரமும், அதைச் செலவிடத் தெரிந்த பயிற்சியும்தான்!