‘ஓம்’ என்று சொல்வதற்கு முன்



கணவரோ பிள்ளையோ அழைத்து, வெளிநாடு போகக் காத்திருக்கும் பெண்கள் எமது குழுக் கூட்டங்களில் அடிக்கடி கேட்பது ஒன்றுதான். “அங்க வேலைக்குப் போறதெண்டால் எவ்வளவு இங்கிலிஷ் தெரிஞ்சிருக்க வேணும்?” இதற்கு இம்மாதம் ஒரு கதையாகப் பதில் எழுதுகிறேன். கனடாவில் வைத்தியசாலைச் சமையலறைகளில் வேலை செய்யும் பெண்கள் பேச்சுவாக்கில் சொன்னவற்றைச் சேர்த்துக் கட்டிய கதை இது. செல்வி என்ற பெயர் நான் வைத்தது.

செல்விக்கு 2009இல் இருபத்துநான்கு வயது. முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்து மெனிக் பாம் முகாமில் ஏழு மாதம் இருந்தவள். சோதனைச் சாவடியிலும் முகாம் வாசலிலும் சிங்களத்தில் கேட்ட கேள்விகள் அவளுக்கு விளங்கியதில்லை. விளங்கவில்லை என்று காட்டினால் வரிசையில் இருந்து தள்ளி நிறுத்துவார்கள் என்ற பயத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஓம்’ என்று தலையாட்டப் பழகினாள். அன்று அவளையும் கைக்குழந்தையையும் காப்பாற்றியது அந்தத் தலையாட்டல்தான் என்று அவள் நம்பினாள்.

கணவர் 2014இல் கனடா போய் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டார். பல வருடக் காத்திருப்பின் பின்னர் 2022இல் செல்வியும் மகனும் ரொறன்ரோ போய்ச் சேர்ந்தார்கள். நான்காம் மாதத்தில் ஒரு பெரிய வைத்தியசாலையின் சமையலறையில் அவளுக்கு வேலை கிடைத்தது. சமைக்கும் வேலை அல்ல. நோயாளருக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டங்களை அடுக்கும் வேலை.

அந்த இடத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். நீளமான ஒரு பட்டி மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். அதன்மேல் தட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொரு தட்டத்திலும் ஒரு துண்டு இருக்கும். நோயாளியின் பெயர், வார்ட், அறை இலக்கம், என்ன சாப்பாடு, எது ஒவ்வாது என்பவை அதில் அச்சடிக்கப்பட்டிருக்கும். பட்டியின் இருபுறமும் நிற்பவர்களில் ஒருவர் சோறோ உருளைக்கிழங்கோ வைப்பார், ஒருவர் சூப் வைப்பார், ஒருவர் குடிபானம் வைப்பார். கடைசியில் நிற்பவர் துண்டையும் தட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து வண்டியில் ஏற்றுவார். காற்றாடிச் சத்தம், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சத்தம், சில்லு வண்டிகளின் சத்தம் எல்லாம் சேர்ந்து பக்கத்தில் நிற்பவர் பேசுவதே பாதிதான் கேட்கும்.

செல்விக்குக் கிடைத்த இடம் குடிபானம். அவளுக்கு அடுத்ததாக, கடைசி இடத்தில் நின்றவள் லோர்னா. பிலிப்பைன்ஸ்காரி, ஐம்பது வயது தாண்டியவள், பதினெட்டு வருட அனுபவம் உள்ளவள். அவர்களுடைய மொழியில் மூத்த சகோதரியை ‘ஆத்தே’ என்பார்கள். மற்ற பிலிப்பைன்ஸ் பெண்கள் அப்படி அழைப்பதைக் கேட்டுச் செல்வியும் ‘ஆத்தே’ என்றே அழைத்தாள். எங்களுடைய ‘அக்கா’ மாதிரித்தானே.

முதல் நாள் லோர்னா சொல்லிக்கொடுத்தவை ஒற்றைச் சொற்கள். ஒருவருக்குப் பின்னால் போகும்போது “பிஹைண்ட்” என்று உரத்துச் சொல்ல வேண்டும். கையில் சூடான பாத்திரம் இருந்தால் “ஹொட், பிஹைண்ட்”. மூலை திரும்பும்போது “கோர்னர்”. செல்விக்கு வெட்கமாக இருந்தது. பெரியவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று கத்துவது மரியாதைக் குறைவு என்று அவளுக்குப் பட்டது. லோர்னா தன் முன்கையைக் காட்டினாள். பழைய எரிகாயத் தழும்பு ஒன்று அதில் இருந்தது. “ஒருத்தி மரியாதையாய் பேசாமல் வந்தவள். நான் திரும்பினன். சூப் முழுக்க என்ர கையில” என்றாள். அன்று மாலைக்குள் செல்வியின் குரல் எழும்பிவிட்டது.

இரண்டாவது பாடம் துண்டைப் பற்றியது. சில துண்டுகளில் குடிபானத்துக்கு நேரே 2 என்றோ 3 என்றோ ஓர் இலக்கம் இருக்கும். அது எத்தனை கோப்பை என்பதல்ல, எவ்வளவு தடிப்பு என்பது. பக்கவாதம் வந்த சிலருக்கு விழுங்கும் தசைகள் சரியாக வேலை செய்யாது. தண்ணீர், தேநீர் போன்றவை வேகமாக ஓடி, உணவுக்குழாய்க்குப் பதிலாக மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். நுரையீரலுக்குள் போனால் நியூமோனியா வரலாம். ஆகவே அவர்களுக்குத் தடிப்பாக்கிய பானம் கொடுப்பார்கள். லோர்னா ஒரு 10 மில்லிலீற்றர் சிரிஞ்சில் பானத்தை நிரப்பி, கீழ்முனையைப் பத்துச் செக்கன் திறந்துவிட்டு மூடிக் காட்டினாள். உள்ளே 4 முதல் 8 மில்லிலீற்றர் வரை மிச்சம் நின்றால் அது 2ஆம் நிலை. அதற்கு மேல் நின்றால் 3ஆம் நிலை. வெறும் தண்ணீராக இருந்தால் ஒன்றும் மிஞ்சாது. “ஐஸ்கிறீமும் வைக்காத. கோப்பையில தடிப்பாய்த்தான் இருக்கும், வாயில போனவுடன தண்ணி” என்றாள்.

இவை எல்லாம் கண்ணால் பார்த்துப் பழகியதால் செல்வி சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கஷ்டமாக இருந்தது காதால் கேட்டுச் செய்ய வேண்டியவைதான்.

ஒன்பதாம் நாள் காலை. லோர்னா துண்டுக் கட்டு எடுக்கப் போயிருந்தாள். அந்தச் சிறிது நேரத்துக்குக் கடைசி இடத்தையும் செல்வியே பார்த்துக்கொண்டாள். அறைத் தொலைபேசியை வைத்துவிட்டு சுப்பர்வைசர் அவளைப் பார்த்துக் கத்தினார்: “ஹோல்ட் ஃபோர்டீன்!” செல்வி வழக்கம்போல “யெஸ், யெஸ்” என்று தலையாட்டினாள். ‘ஹோல்ட்’ என்றால் ‘பிடி’ என்று அவள் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள். பதினான்காம் அறைத் தட்டத்தைக் கவனமாக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய், சிந்தாமல் வண்டியில் வைத்தாள்.

திரும்பி வந்த லோர்னா சுப்பர்வைசரின் பலகையைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், தட்டத்தை இழுத்து வெளியே எடுத்தாள். சமையலறையில் ‘ஹோல்ட்’ என்றால் ‘நிறுத்தி வை, அனுப்பாதே’ என்று அர்த்தம். அந்த அறை நோயாளிக்கு அன்று சத்திரசிகிச்சை. வெறும் வயிற்றோடு இருக்க வேண்டியவர். சாப்பிட்டிருந்தால் சத்திரசிகிச்சை தள்ளிப்போயிருக்கும். சாப்பிட்டது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்திருந்தால் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போயிருக்கலாம்.

செல்வி அழுதாள். வேலை போய்விடும் என்றுதான் முதலில் நினைத்தாள். இடைவேளையில் லோர்னா அவளை உட்காரவைத்துக் கேட்டாள்: “உனக்கு விளங்கினதோ?”

“இல்லை.”

“பிறகேன் யெஸ் சொன்னனீ?”

செல்வியிடம் அதற்கு இங்கிலிஷில் பதில் இருக்கவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் உடனே சொல்லியிருப்பாளோ தெரியாது. எங்கள் பெண்களில் எத்தனையோ பேருக்கு இந்த ‘ஓம்’ ஒரு காலத்தில் கவசமாக இருந்தது. சீருடை போட்டவர், உரத்த குரல், தெரியாத மொழி ஆகிய மூன்றும் சேர்ந்தால் தலை தானாக ஆடும். ஆனால் அந்தச் சமையலறையில் கவசம் அவளுக்கு மட்டுமாக இருந்தது. ஆபத்து மேல்மாடியில் படுத்திருந்த ஒருவருக்குப் போனது. இன்னொன்றும் உண்டு. நாங்கள் தலையை இரு பக்கமும் அசைத்தால் சம்மதம் என்று எங்களுக்குத் தெரியும். அங்குள்ளவர்களில் சிலருக்கு அது ‘இல்லை’ போலத் தெரியும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது.

லோர்னா திட்டவில்லை. ஒரு பேப்பர் நப்கினில் எழுதிக் கொடுத்தாள். தனியாக ‘யெஸ்’ சொல்லக் கூடாது; கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். “ஹோல்டிங் ஃபோர்டீன், நொட் சென்டிங்” என்பது போல. பிழையாக விளங்கியிருந்தால் சொன்னவர் உடனே திருத்துவார். கேட்கவே இல்லை என்றால் “சே தட் அகெய்ன், ப்ளீஸ்”. சொல் கேட்டது, ஆனால் கருத்து விளங்கவில்லை என்றால் “ஷோ மீ, ப்ளீஸ்”. அதற்குக் கீழே இலக்கங்கள். ஃபோர்டீனும் ஃபோர்ட்டியும் சத்தத்துக்குள் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆகவே பிரித்துச் சொல்ல வேண்டும்: “வன் ஃபோர்”, “ஃபோர் ஸீரோ”. இலக்கத்தோடு நோயாளியின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

“திரும்பத் திரும்பக் கேட்டால் கோவிப்பினமே?” என்றாள் செல்வி.

“கோவிப்பினம். கோவம் பத்து நிமிசத்தில போயிடும்” என்றாள் லோர்னா.

மூன்று கிழமை கழித்து ஒரு மத்தியானம். தட்டங்கள் பிந்திவிட்டன, சுப்பர்வைசர் அவசரத்தில் இருந்தார். தூரத்தில் இருந்தே “ஹோல்ட் ஃபோர்...” என்று ஏதோ கத்திவிட்டுத் திரும்பினார். கடைசிப் பாதி இயந்திரச் சத்தத்தில் போய்விட்டது. அன்று வண்டியில் பதினான்கும் இருந்தது, நாற்பதும் இருந்தது. செல்வியின் தலை வழக்கம்போல ஆடப் பார்த்தது. அவள் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்:

“வன் ஃபோர் ஓர் ஃபோர் ஸீரோ?”

சுப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார். “ஐ ஸெட் ஃபோர்ட்டி.”

“ஹோல்டிங் ஃபோர் ஸீரோ. நொட் சென்டிங். நேம், ப்ளீஸ்?”

அவர் பெருமூச்சு விட்டுப் பலகையைப் பார்க்கப் போனார். பலகையில் விரல் வைத்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு திரும்பி, இம்முறை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்: “வன். ஃபோர்.” பெயரையும் சொன்னார். செல்வி திருப்பிச் சொல்லிவிட்டுப் பதினான்காம் தட்டத்தை வெளியே எடுத்தாள். நாற்பதாம் அறைக்காரருக்கு அவருடைய சூப் சூடாகவே போனது. லோர்னா ஒன்றும் சொல்லவில்லை. துண்டுகளை ஒப்பிட்டபடி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாளில் இருந்து அந்த சுப்பர்வைசர் செல்வியிடம் இலக்கம் சொல்லும்போதெல்லாம் பிரித்தே சொன்னார்.

சகோதரிகளே, போகக் காத்திருப்பவர்கள் இலக்கணப் புத்தகத்தோடு இதையும் செய்து பாருங்கள். வானொலியை உரக்கப் போட்டுவிட்டு, ஒருவர் அறையின் மறுபக்கத்தில் நின்று ஓர் இங்கிலிஷ் இலக்கத்தைச் சொல்லட்டும். பதின்மூன்று, முப்பது, பதினான்கு, நாற்பது, பதினைந்து, ஐம்பது என்று மாறி மாறிச் சொல்லட்டும். கேட்பவர் தலையாட்டாமல், அந்த இலக்கத்தைப் பிரித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் “சே தட் அகெய்ன், ப்ளீஸ்” என்று கேட்க வேண்டும். பத்துத் தரம் செய்யுங்கள். இலக்கம் பிழைப்பது சீக்கிரம் குறைந்துவிடும். தலை ஆடாமல் நிற்கத்தான் கூட நாள் எடுக்கும்.