வட்டி இல்லை... விலையில இருக்கு!

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அம்மா ஃப்ரிட்ஜ் வாங்கக் கிளம்பினார். இரண்டு வருஷமாகச் சீட்டுக் கட்டி எடுத்த முப்பதாயிரம் ரூபாய் மஞ்சள் பையில் இருந்தது. ‘‘நீங்களும் கூட வாங்க சார். எனக்கு அந்தக் கடைக்காரங்க பேசற கணக்கெல்லாம் புரியாது’’ என்றார். போனேன்.

கடை வாசலிலேயே ஆளுயர பேனர். ‘0% வட்டி! சுலபத் தவணை!’ உள்ளே அவருக்குப் பிடித்துப்போன ஃப்ரிட்ஜின் மேல் ஒரு ஸ்டிக்கர். எம்.ஆர்.பி. 38,500. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘எங்கள் விலை 30,000’.

விற்பனைப் பையன் பாசமாகப் பேசினான். ‘‘எதுக்குக்கா மொத்தப் பணத்தையும் ஒரே நாள்ல கொடுக்கறீங்க? தவணையில போட்டுக்குங்க. மாசம் 2,500 வீதம் பன்னிரண்டு தவணை. நாலு தவணையை இப்பவே கட்டிடணும். மீதி எட்டு மாசம். ஒரு பைசா வட்டி கிடையாது. பிராசசிங் ஃபீஸ் மட்டும் 600.’’

பன்னிரண்டு இரண்டாயிரத்து ஐந்நூறு எவ்வளவு? முப்பதாயிரம். ஸ்டிக்கரில் இருப்பதும் முப்பதாயிரம். வட்டி எங்கே இருக்கிறது? பையன் பொய் சொல்லவில்லை. கூட்டல், பெருக்கல் எல்லாம் சரி. தப்பு வேறு இடத்தில் இருந்தது.

‘‘ரொக்கமா இப்பவே கொடுத்தா எவ்வளவு?’’ என்று கேட்டேன்.

‘‘அதே விலைதான் சார். ஃபிக்ஸட்.’’

‘‘அப்ப பக்கத்துக் கடையையும் பார்த்துட்டு வர்றோம்.’’

வாசற்படியைத் தாண்டுவதற்குள் மேனேஜர் ஓடி வந்துவிட்டார். ‘‘இருங்க சார்... 28,000. இதுக்கு மேல என் கையில இல்லை.’’

ஆக, அந்த ஃப்ரிட்ஜின் உண்மையான விலை 28,000. இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு இனி கணக்குப் போடுவோம்.

தவணையில் வாங்குபவர் முதல் நாளே நாலு தவணையாக 10,000, கட்டணமாக 600, ஆக 10,600 கட்டுகிறார். 28,000 ரூபாய்ப் பொருளுக்கு இவ்வளவு கொடுத்தாகிவிட்டது என்றால் அவர் நிஜமாக வாங்கிய கடன் 17,400-தான். திருப்பிக் கட்டுவதோ எட்டு மாதத்துக்கு 2,500 வீதம் 20,000. வித்தியாசம் 2,600 ரூபாய். இதற்கு என்ன பெயர்? நம் பாட்டிமார்கள் இதை வட்டி என்று சொல்வார்கள்.

‘2,600 தானே, போகட்டும்’ என்று தோன்றும். ஆனால், அந்த 17,400-ம் எட்டு மாதமும் நம்மிடம் இருப்பதில்லை. மாதாமாதம் அசலும் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாக நம் கையில் இருந்த கடன் சுமார் 9,800 ரூபாய். அதற்கு எட்டு மாதத்தில் 2,600 என்றால் வருஷத்துக்கு நாற்பது சதவிகிதத்தைத் தொடுகிறது. துல்லியமாக வேண்டுமென்றால் எக்செல்லில் இப்படி அடித்துப் பாருங்கள்:

```
=RATE(8,-2500,17400)*12
```

38.4 சதவிகிதம் என்று வரும். பேனரில் பூஜ்யம், பேப்பரில் முப்பத்தெட்டு! அந்த அம்மாவின் காதில் கிடக்கும் கம்மலை வங்கியில் வைத்தால்கூட இதில் பாதி வட்டி ஆகாது.

இது எப்படி நடக்கிறது? இந்த வியாபாரத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்த நண்பர் ஒருவரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார். ‘‘பணத்துக்கு விலை உண்டுய்யா. ஃபைனான்ஸ் கம்பெனியே வட்டிக்கு வாங்கித்தானே நமக்குக் கொடுக்குது? அவன் எப்படிச் சும்மா கொடுப்பான்?’’

கொடுப்பதில்லை. அந்தப் பத்திரத்தில் நம் கடன் 20,000 என்று இருக்கும். ஆனால், ஃபைனான்ஸ் கம்பெனி கடைக்கு 20,000 அனுப்பாது. ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்பும். இதற்கு சப்வென்ஷன் என்று பெயர். எத்தனை மாதத் தவணை என்பதைப் பொறுத்து இந்தப் பிடித்தம் கூடும், குறையும். நம் ஃப்ரிட்ஜுக்கு 6 சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,200 ரூபாய். கடைக்கு வருவது 18,800.

இனி கடைக்காரர் இடத்தில் உட்கார்ந்து விலை போடுவோம். அவருக்கு 28,000 கையில் நின்றால் போதும். விலையில் மூன்றில் இரண்டு பங்கு கடனாகப் போகிறது. அதில் 6 சதவிகிதம் பிடித்தம். அதாவது, நூறு ரூபாய் விலைக்கு 4 ரூபாய் போய்விடும், 96-தான் மிஞ்சும். 28,000-ஐ 0.96-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 29,170. இதுதான் வட்டியை விழுங்கிய விலை. 29,170 என்று யாராவது ஸ்டிக்கர் ஒட்டுவார்களா? 30,000 என்று ஒட்டிவிடுவார்கள்.

இப்போது அந்த 2,600 எங்கே போனது என்று தெரிகிறதா? 1,200 ஃபைனான்ஸ் கம்பெனி பிடித்தது. 600 கட்டணமாக அதுவே நம்மிடம் நேரடியாக வாங்கியது. மிச்சம் 800 கடைக்கு. ரொக்கமாக வாங்கினால் கடைக்கு 28,000; தவணையில் வாங்கினால் 28,800. பையன் ஏன் தவணை, தவணை என்று அவ்வளவு பாசமாகப் பேசினான் என்பது இப்போது புரிந்திருக்கும்.

‘‘வட்டியை மேனுஃபேக்சரிங் கம்பெனியே ஏத்துக்குது சார்’’ என்று ஒரு பதில் வரும். சில சமயம் உண்மைதான். பழைய மாடலைத் தள்ளிவிட வேண்டும் என்றால் கம்பெனி தன் லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். உண்மையா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான். அதே மாடல் நம்பரைச் சொல்லி, ‘பில்லோடு, ரொக்கத்துக்குக் கடைசி விலை என்ன?’ என்று இரண்டு கடையில் கேளுங்கள். எங்கேயும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, கட்டணமும் கிடையாது என்றால் அது நிஜமாகவே வட்டி இல்லாத தவணை. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் பணம் பேங்க்கில் தூங்கட்டும். விலை இறங்கினால், இறங்கிய தொகையும் கட்டணமும்தான் உங்கள் வட்டி.

கிரெடிட் கார்டுக்காரர்களுக்கு இன்னொரு வேடிக்கை உண்டு. அங்கே வட்டித் தொகையைக் கடைக்காரர் முதலிலேயே தள்ளுபடியாகக் கழித்துவிடுவார். அப்புறம் வங்கி அதே வட்டியை மாதாமாதம் வசூலிக்கும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். ஆனால், கார்டு வட்டிக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. உண்டு. அதை யாரும் தள்ளுபடி செய்வதில்லை. வட்டி 1,300 என்றால் 234 ரூபாய் உங்கள் தலையில். இல்லாத வட்டிக்கு எதற்கய்யா வரி?

இதெல்லாம் மேலே இருப்பவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது: பூஜ்ய சதவிகித வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, கிரெடிட் கார்டுத் தவணைகளில் வட்டியைக் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வாங்குகிறார்கள் என்று. நடந்தது என்ன? ‘0% வட்டி’ என்ற போர்டுகளுக்குப் பக்கத்தில் ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்ற புது போர்டு முளைத்தது. சட்டையை மாற்றிக்கொண்டு அதே ஆள்.

2024 அக்டோபரிலிருந்து இன்னொரு நல்ல விதி. கடன் கொடுப்பவர், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவிகிதம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். வரவேற்கிறேன். ஆனால், அந்தத் தாளுக்குத் தெரிந்தது 20,000 ரூபாய்க் கடனும் அதன் கட்டணமும்தான். வாசற்படியில் மேனேஜர் சொன்ன 28,000 அதற்குத் தெரியாது. விலைக்குள் ஒளிந்த வட்டியை அந்தத் தாளில் எந்தக் கட்டத்திலும் தேட முடியாது.

இதற்கு மருந்து ஐம்பது வருஷத்துக்கு முன்பே எழுதப்பட்டது என்றால் நம்புவீர்களா? 1972-ல் நாடாளுமன்றம் வாடகைக் கொள்முதல் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தவணை முடியும்வரை பொருள் கொடுத்தவருக்கே சொந்தம் என்கிற, அந்தக் கால ஒப்பந்தங்களுக்கான சட்டம். தவணையில் மொத்தம் ஆகும் விலை, ரொக்கத்துக்கு என்றால் என்ன விலை, இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும் என்றது அது. எவ்வளவு எளிமையான யோசனை! அந்தச் சட்டம் நடைமுறைக்கு வராமலேயே கிடந்தது. 2005-ல் ரத்தும் செய்துவிட்டார்கள். பிறந்த குழந்தையைத் தொட்டிலில் போடாமலே புதைத்த கதை.

நான் தவணையே கூடாது என்று சொல்லவில்லை. கையில் மொத்தமாக இல்லாதவன் தவணையில்தான் வாங்க முடியும். கடன் கொடுப்பவன் வட்டி வாங்குவதும் நியாயம்தான். ஒளித்து வைத்து வாங்காதே என்கிறேன். ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் இரண்டு விலை போடட்டும்: ரொக்கம் 28,000, தவணை, கட்டணம் உட்பட 30,600. பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில். அப்புறம் வாங்குகிறவர் முடிவு செய்துகொள்வார்.

ஏனென்றால், இந்த ஒளிவுமறைவில் ரொம்பவும் நஷ்டப்படுவது கடன் வாங்குபவர்கூட இல்லை. அவருக்கு எட்டு மாத அவகாசமாவது கிடைக்கிறது. ரொக்கத்தைக் கொண்டுவந்து, பேரம் பேசக் கூச்சப்பட்டு, ஸ்டிக்கர் விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறாரே, அவர் கடனே வாங்காமல் வட்டி கட்டுகிறார்!

ஃப்ரிட்ஜை 28,000-க்கு வாங்கி மினி வேனில் ஏற்றினோம். மிச்சமான இரண்டாயிரத்தைப் பைக்குள் வைத்து முடிச்சுப் போட்ட அந்த அம்மா, கடையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

‘‘நான் தனியா வந்திருந்தா முப்பதாயிரத்தையும் எண்ணிக் கொடுத்துட்டுப் போயிருப்பேன் இல்ல சார்?’’

ஆமாம்மா. நிறைய பேர் அப்படித்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.