மக்கும் என்றால் எங்கே, எத்தனை நாளில்?

வடமாலபேட்டையில் பலகாரம் செய்து விற்கும் நம் அன்பர் ஒருவர், தாம் வாங்கவிருக்கும் பைகளின்மீது அச்சிடவேண்டிய வாசகத்தைச் சென்ற திங்கள் நம்மிடம் காட்டினார். “இயற்கைக்கு உகந்த பசுமைப் பை, முற்றிலும் மக்கும்” என்றிருந்தது. படிக்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் மெய்யா பொய்யா என்று சோதித்துப் பார்க்கத்தக்க சொல் ஒன்றும் அதில் இல்லை. குறை அதுவே.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ‘பசுமை’, ‘இயற்கை’ போன்ற பொதுச் சொற்களை உரிய விளக்கமும் சான்றும் இன்றி விளம்பரத்தில் வழங்கலாகாது. சிறப்பித்துச் சொல்லப்படுவது பண்டமா, அதன் உறையா, செய்முறையா என்பதையும் தெளிவாகக் கூறவேண்டும். நம் அன்பரின் வாசகத்தைப் படிப்பவர், பலகாரமும் ‘பசுமை’ என்றே எண்ணக்கூடும்.

அருகிலுள்ள திருமலையில் 2021 ஆகஸ்டில் லட்டுப் பிரசாதத்திற்கென ஒருவகைப் பை அறிமுகமானது நம்மிற் பலருக்கு நினைவிருக்கும். சோள மாவுச்சத்தினால் ஆனது, 90 நாட்களில் மக்கும் என்று அப்போது கூறப்பட்டது. மூலப்பொருளும் நாட்கணக்கும் சொல்லப்பட்டதால், அக்கூற்றைச் சோதித்துப் பார்க்க வழி பிறக்கிறது. அடுத்து எழும் கேள்வி, ‘எங்கே மக்கும்?’ என்பது.

உரமாகும் பிளாஸ்டிக்குக்கு உரிய தரம் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 ஆகும். அதன் சோதனை ஏறத்தாழ 58 பாகை வெப்பத்தில் நடைபெறுகிறது. 180 நாட்களுக்குள் பொருளிலுள்ள கரியில் 90 விழுக்காடு கரியமிலவாயுவாக மாறவேண்டும். பெரிய உரநிலையத்தில் இவ்வெப்பம் நிலைத்து நிற்கும். நம் கொல்லைக் குப்பைக் குழியில் நிற்பதில்லை. ஆகவே தரச்சான்று பெற்ற பையும் குழியிலோ சாலையோரத்திலோ நெடுநாள் கிடக்கலாம். ‘மக்கும்’ என்பதை நம்பி அதனை வெளியில் எறிபவர் ஏமாந்தவரே ஆவார்.

நாம் திருத்திக் கொடுத்த வாசகம் இது: “இந்தப் பை மட்டும், ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தரப்படி, தொழில்முறை உரநிலையத்தில் உரமாகும். வீட்டுக் குழிக்கு ஏற்றதென்று சோதிக்கப்படவில்லை. பை செய்தவர் பெயர், சான்று எண்: …”

அந்தச் சான்று எண்ணின் இடத்தை நிரப்பும் பொறுப்பு அன்பருடையது. உரமாகும் பிளாஸ்டிக்கைச் செய்பவர், விற்பனைக்கு முன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று பெற்றிருக்கவேண்டும். அதன் படியைக் கேட்டு வாங்கி, பெயரும் பையின் வகையும் பொருந்துகின்றனவா என்று பார்க்கச் சொன்னோம். படி தர மறுத்தால், மக்கும் என்ற சொல்லையே அச்சிடவேண்டாம். அந்தப் பையையும் வாங்கவேண்டாம் என்றோம்.

வாசகம் நீண்டுவிட்டதே என்று அன்பர் வருந்தினார். ‘பசுமை’ என்னும் சொல்லை நீக்கினால் இடம் கிடைக்கும் என்றோம்.