வேண்டாம் என்பதிலும் ஒரு பக்குவம்

எதிர்வீட்டு மருமகள் போன வாரம் செல்போனும் கையுமாக வந்தாள். வேலைக்கு ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சி அம்மாள் ஒருவர், இரவு ஷிஃப்டில் கணக்கு வேலை இருப்பதாகச் செய்தி அனுப்பியிருந்தார். "எட்டு மாசக் குழந்தையை விட்டுட்டு எப்படி மாமி போறது? பதிலே போடாம விட்டுடட்டுமா?" என்றாள்.

"விடாதே" என்றேன். பதில் இல்லையென்றால் அடுத்த முறை அவர் வேறு ஆளைத்தான் தேடுவார். "யோசிச்சு சொல்றேன்" என்று இழுப்பதும் தப்பு. காத்திருந்து ஏமாந்தவருக்குக் கசப்புத்தான் மிஞ்சும். இருவருமாக எழுதினோம்:

"என்னைக் கேட்டதற்கு நன்றி. இரவு வேலை எனக்குத் தோதுப்படாது. இந்த இடத்துக்கு என் பயோடேட்டாவை அனுப்ப வேண்டாம். வருகிற ஜூனுக்குப் பிறகு, தாம்பரம் பக்கம், பகலில் ஜி.எஸ்.டி. கணக்கு வேலை வந்தால் அவசியம் சொல்லுங்கள்."

கவனித்தீர்களா, சகோதரிகளே? குழந்தை, மாமியார், வீட்டுக் கஷ்டம் எதுவும் அதில் இல்லை. பின்னால் நம்மைத் தேடி எடுக்க அவருக்கு வேண்டியது என்ன வேலை, எந்த நேரம், எந்த ஊர், எந்த மாதம் என்ற நான்கும்தான். ஜூனில் அவர் மறந்துபோயிருந்தால், அதே செய்தியின் கீழே நாமே இரண்டு வரி போட்டு நினைவூட்டலாம். பழைய பேச்சு மேலேயே இருக்குமே!