பொடுகு ஷாம்பூ போட்டும் திட்டு போகலையா? கோல் டார் ஷாம்பூ எப்போது தேவை, எப்படிப் போடுவது?

ஐரோலி மைண்ட்ஸ்பேஸில் ஷிஃப்ட் முடித்துக் கிளம்புகிறீர்கள். கறுப்புச் சட்டையின் தோளில் வெள்ளையாக உதிர்ந்து கிடக்கிறது. வழியில் மெடிக்கலில் நுழைந்து இன்னொரு பொடுகு ஷாம்பூ வாங்குகிறீர்கள். மூன்று மாதத்தில் இது நாலாவது பிராண்ட். உதிர்வது கொஞ்சம் குறைகிறது. ஆனால் காதுக்குப் பின்னால் தடிமனாக ஒட்டியிருக்கும் திட்டு மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது.

அது பொடுகே இல்லாமல் இருக்கலாம்.

சாதாரணப் பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலசீசியா என்ற ஈஸ்ட். தலையின் எண்ணெய்ப் பசையைத் தின்று வாழும் இது எல்லோர் தலையிலும் உண்டு. சிலருடைய தோல் மட்டும் அதற்கு எதிர்வினை காட்டுகிறது. ஜிங்க் பைரித்தியோன், கெட்டோகொனசோல் உள்ள ஷாம்பூக்கள் இந்த ஈஸ்ட்டைத்தான் குறைக்கின்றன. தடித்த திட்டு பெரும்பாலும் சொரியாசிஸ். அங்கே நோய் எதிர்ப்பு மண்டலம் தூண்டிவிட்டதால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் உருவாகி உதிர வேண்டிய தோல் செல்கள் சில நாட்களிலேயே மேலே வந்து அடுக்கடுக்காகக் குவிகின்றன. ஈஸ்ட்டை மட்டும் குறைத்தால் இந்தக் குவியல் நிற்காது. அமெரிக்காவின் எஃப்டிஏ விதியிலேயே இது தெரியும்: கடையில் நேரடியாக விற்கும் ஜிங்க் பைரித்தியோன் ஷாம்பூவில் பொடுகு, செபோரிக் டெர்மடைடிஸ் என்று போடலாம், சொரியாசிஸ் என்று போடக் கூடாது. கோல் டாருக்கும் சாலிசிலிக் அமிலத்துக்கும் மூன்றையுமே போட அனுமதி உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது? விரலால் தடவிப் பாருங்கள். பொடுகு தலை முழுக்கப் பரவி, எண்ணெய்ப் பசையோடு அல்லது தூளாக உதிரும். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. சொரியாசிஸ் திட்டுக்கு எல்லை தெளிவாகத் தெரியும். மேடாக, வெள்ளி நிறச் செதிலோடு இருக்கும். முடி எல்லையைத் தாண்டி நெற்றி, கழுத்து வரை வரும். முழங்கை, முழங்கால், நகத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் கலந்தும் வரும், அதனால் சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. குழந்தைக்கு முடி உடைந்து சொட்டையாகத் திட்டு வந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஷாம்பூவால் மட்டும் தீராது.

இந்த ஷாம்பூவில் இரண்டு மருந்துக்கும் வேலை வேறு. சாலிசிலிக் அமிலம் செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையைத் தளர்த்திச் செதிலைக் கழற்றுகிறது. கோல் டார் செல்கள் பெருகும் வேகத்தைக் குறைக்கிறது, அரிப்பையும் தணிக்கிறது. செதில் போகாமல் எந்த மருந்தும் உள்ளே இறங்காது.

பலர் தவறு செய்வது போடும் முறையில். முடியில் நுரைத்து உடனே அலசினால் காசு வீண். முந்தின ராத்திரி தேங்காய் எண்ணெயைத் திட்டில் தடவி ஊறவையுங்கள். மறுநாள் முடியை வகுடு வகுடாகப் பிரித்து ஷாம்பூவைத் தோலில் படும்படி போட்டு, லேபிளில் சொன்ன நேரம், பொதுவாக 5 முதல் 10 நிமிஷம், விட்டு அலசுங்கள். தார் வாசனை பிடிக்காவிட்டால் பிறகு சாதாரண ஷாம்பூ போடலாம். வாரம் இரண்டு முறை போதும். நாலு வாரம் கொடுத்துப் பாருங்கள். நகத்தால் பெயர்க்காதீர்கள், காயம் பட்ட இடத்திலேயே புதுத் திட்டு வரும்.

கோல் டார் பட்ட தோல் ஒரு நாள் வரை வெயிலில் சீக்கிரம் எரியும். அதனால் ராத்திரியில் குளிப்பது நல்லது, மறுநாள் மதியம் ஸ்டேஷனுக்கு நடக்கத் தொப்பி வேண்டும். நரைத்த முடியிலும் சாயம் போட்ட முடியிலும் கறை பிடிக்கும், தலையணை உறையிலும்தான். மருத்துவர் கால்சிபோட்ரியால் கொடுத்திருந்தால் அவரிடம் கேட்காமல் இதைச் சேர்க்காதீர்கள். சாலிசிலிக் அமிலம் அந்த மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கேட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

"தார் போட்டா கேன்சர் வருமாமே?" என்ற பயம் சும்மா வந்ததல்ல. தாரோடு தினமும் வேலை செய்தவர்களுக்குத் தோல் புற்றுநோய் வந்தது உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனப் பொருட்களில் அதைத் தடை செய்திருக்கிறது. ஆனால் சிகிச்சைக்கான அளவு வேறு கதை. நெதர்லாந்தில் சொரியாசிஸ், எக்ஸிமா நோயாளிகள் சுமார் 13,200 பேரைத் தொடர்ந்து பார்த்து 2010இல் வெளியான ஆய்வில், தார் சிகிச்சை பெற்றவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வரவில்லை. அதற்காக வருஷம் முழுக்கத் தினமும் போடுங்கள் என்று அர்த்தமில்லை. திட்டு அடங்கியதும் வாரம் ஒருமுறையாகக் குறைத்துவிடலாம்.

நாலு வாரத்திலும் திட்டு மெலியவில்லை, அல்லது முடி கொத்தாக உதிர்கிறது, சீழ் வைக்கிறது என்றால் ஷாம்பூவை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். காலையில் விரல் மூட்டு வீங்கி விறைப்பாக இருந்தால் நாலு வாரம் காத்திருக்கவே வேண்டாம், சொரியாசிஸ் மூட்டுக்கும் இறங்கும். மெடிக்கலில் கேட்டதும் கிடைக்கும் ஸ்டீராய்டு லோஷனை நீங்களாகவே தொடங்காதீர்கள். முதல் வாரம் அற்புதமாக இருக்கும், திடீரென நிறுத்தும்போது முன்பைவிட மோசமாகத் திரும்பி வரலாம்.