பேன்ட் பழுதாகவில்லை, ரீசெட் பண்ணாதீர்கள்!



கோமாரி, பொத்துவில் பக்கம் கையில் ஸ்மார்ட் வோட்ச், பேன்ட் கட்டாதவர் இப்போது குறைவு. பெரும்பாலும் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் பிள்ளைகள் அனுப்பியவை. சுபஹுக்குப் பின் நடக்கப் போகும் சீனி வருத்தக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். ஆனால் போனோடு தொடர்பு அறுந்தால் உடனே கடைக்கு ஓடுகிறோம். கடையில் முதல் வேலையே ரீசெட். இந்தப் பழக்கத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ரீசெட் என்றால் என்ன? போனுக்கு இன்னும் ஒப்படைக்காத கணக்கெல்லாம் பேன்டின் உள்ளேதான் இருக்கும். ஃபிட்பிட் பேன்ட்கள் நிமிடக் கணக்கை 7 நாளும், ஒவ்வொரு நாளின் மொத்தத்தை 30 நாளும் வைத்திருக்கும். மற்றவையும் சில நாட்களுக்காவது வைத்திருக்கும். ரீசெட் பண்ணினால் அவ்வளவும் அழிந்துவிடும். அழித்ததற்குக் காசும் கொடுக்கிறோம்!

நமது ஊர்ச் சகோதரர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. மகன் அனுப்பிய பேன்ட். 11 நாளாகப் போனுக்கு ஒன்றும் வரவில்லை. கடையில் ரீசெட் பண்ணி 1,500 ரூபாய் வாங்கினார்கள். இரண்டு நாள் வேலை செய்தது, மூன்றாம் நாள் பழையபடி. "பேன்ட் சரியில்லை, புதிசு எடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர் என்னிடம் கொண்டுவந்தபோது அந்தப் பேன்டின் அப்பைத் திறக்கச் சொன்னேன். சில விநாடிகளில் இணைந்து, இரண்டு நாள் நடையும் போனுக்கு வந்துவிட்டது. திரையை அணைத்து ஒரு மணி நேரம் வைத்தோம். தொடர்பு போய்விட்டது. இதிலேயே விடை இருக்கிறது. அப்பைத் திறந்தால் இணைகிறது, போன் தூங்கினால் அறுகிறது என்றால் பேன்டில் குறையில்லை. பெட்டரியை மிச்சம் பிடிக்க, பின்னணியில் ஓடும் அப்பை அண்ட்ராய்ட் போனே நிறுத்திவிடுகிறது. ரீசெட் பண்ணிய பிறகு இரண்டு நாள் வேலை செய்ததும் அதனால்தான். அப்பைப் புதிதாகத் திறந்ததால் கிடைத்த பலன் அது.

போனில் Settings > Apps போய், அந்த அப்பைத் தொட்டு, Battery என்பதில் Unrestricted என்று மாற்றினோம். சாம்சங் போன்களில் Sleeping apps பட்டியலில் அந்த அப் இருந்தால் எடுத்துவிட வேண்டும். ஷியோமியில் No restrictions என்று வைத்து, Autostart-ஐயும் ஓன் பண்ண வேண்டும். சகோதரரின் பேன்ட் மறுநாள் காலையிலும் இணைந்தே இருந்தது. செலவு ஒரு சதமும் இல்லை. ஆனால் அழிந்த 11 நாள் கணக்கு திரும்பி வராது.

அப்பைத் திறந்தும் பேன்டைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் காரணம் வேறு. முதலில் அனுமதியைப் பாருங்கள். அண்ட்ராய்ட் 6 முதல் 11 வரை லொகேஷன் அனுமதியும் லொகேஷனும் ஓனில் இருந்தால்தான் பக்கத்தில் இருக்கும் பேன்டைப் போன் தேடும். "நம்மை வேவு பார்க்கிறான்" என்று அதை ஒஃப் பண்ணி வைப்பவர்கள் பலர். பயமிருந்தால் அப்பைப் பாவிக்கும்போது மட்டும் என்று கொடுங்கள். அண்ட்ராய்ட் 12 முதல் Nearby devices என்று தனி அனுமதி வந்துவிட்டது.

அடுத்தது பழைய போன். பெரும்பாலான பேன்ட்கள் ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் பேசும். வீட்டில் மகளிடம் இருக்கும் பழைய போன் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் உங்கள் போனுக்கு அது தெரியவே தெரியாது. அந்தப் போனின் புளூடூத்தை ஒஃப் பண்ணிவிட்டுத் தேடுங்கள். தேடும்போதும் போனின் Bluetooth பட்டியலில் போய் இணைக்காதீர்கள், அப்பின் உள்ளே இருந்தே சேருங்கள்.

போனை வீட்டில் வைத்துவிட்டுக் கடற்கரைக்கு நடந்தால் தொடர்பு அறுவது கோளாறே அல்ல. புளூடூத் பத்து மீற்றர் அளவில்தான் நம்பத்தக்கது. பேன்ட் தானே எண்ணிக்கொண்டிருக்கும், வீட்டுக்கு வந்து அப்பைத் திறந்ததும் ஒப்படைக்கும்.

ரீசெட் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் பாவித்த பேன்ட் இன்னொருவர் கைக்கு மாறும்போது அது தேவை. ஆகவே வெளிநாட்டில் இருக்கும் தம்பிமாரே, பாவித்ததை வாப்பாவுக்கு அனுப்பினால், அனுப்பும் முன் உங்கள் அப்பில் Unpair கொடுத்து உங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் இங்கே புதிய போனில் சேர்க்க முடியாமல் அவர் கடை கடையாக அலைவார்.

கடைக்காரச் சகோதரர்களே, ரீசெட்டை அழுத்தும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: "அப்பைத் திறந்தால் இணையுதா? வேறு போனில் இது இருந்ததா?" அதைக் கேட்காமல் அழித்துவிட்டுக் காசு வாங்குவது திருத்த வேலை இல்லை. திருத்திக் கொடுத்து கூலி வாங்குங்கள், நாங்கள் சந்தோஷமாகத் தருவோம்.